சொல்லுக்குக் காசா, வரிக்குக் காசா: வீடு விற்க வரி விளம்பரம் எழுதுவது எப்படி?

கேள்வி: திருச்சியில் அப்பாவின் வீட்டை விற்க இரண்டு நாளிதழ்களில் வரி விளம்பரம் கொடுக்கப் போகிறோம். ஒன்றில் 20 சொல் வரை ஒரே கட்டணம், மேலே போனால் சொல்லுக்குச் சொல் கூடுதல். இன்னொன்றில் குறைந்தது 5 வரி, அப்புறம் ஒவ்வொரு வரிக்கும் காசு. 65 லட்சம் எதிர்பார்க்கிறோம். நான் எழுதியது கீழே. இதை எப்படிச் சுருக்குவது?

"திருச்சி கே.கே. நகர் பகுதியில் அமைதியான சூழலில் பஸ் ஸ்டாண்டுக்கு மிக அருகில் 1200 சதுர அடி மனையில் 850 சதுர அடியில் கட்டப்பட்ட கிழக்கு பார்த்த இரண்டு படுக்கையறை கொண்ட அழகிய தனி வீடு நல்ல விலையில் உடனடியாக விற்பனைக்கு உள்ளது. போர்வெல் மற்றும் கார்ப்பரேஷன் தண்ணீர் வசதி உண்டு. விருப்பமுள்ளவர்கள் கீழ்க்கண்ட எண்ணில் தொடர்பு கொள்ளவும்: 0000000000"

பதில்:

விளம்பர ஏஜென்சி கவுண்டரில் பல வருடம் உட்கார்ந்து இந்த மாதிரிச் சீட்டுகளை வாங்கியவன் நான். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு தாளுக்கும் ஒரே வாசகத்தைக் கொடுக்காதீர்கள். சொல்லுக்குக் காசு வாங்கும் இடத்தில் நீங்கள் குறைக்க வேண்டியது சொற்களின் எண்ணிக்கையை. வரிக்குக் காசு வாங்கும் இடத்தில் குறைக்க வேண்டியது எழுத்துகள் பிடிக்கும் அகலத்தை. இரண்டும் ஒன்று போலத் தோன்றினாலும் ஒன்றில் மிச்சமாவது மற்றதில் மிச்சமாகாது.

நீங்கள் எழுதியதில் செல் எண்ணையும் சேர்த்து 43 சொற்கள் இருக்கின்றன. எதையும் தேடாமலே இதில் பாதி போய்விடும்.

கடைசி வாக்கியத்தைப் பாருங்கள். "விருப்பமுள்ளவர்கள் கீழ்க்கண்ட எண்ணில் தொடர்பு கொள்ளவும்" என்பது ஐந்து சொல். பத்திரிகையில் வீட்டு விளம்பரத்தின் கீழே பத்து இலக்க எண் இருந்தால் அது எதற்கு என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அந்த ஐந்து சொல்லுக்குப் பதில் "உரிமையாளர்" என்று ஒரே சொல் போடுங்கள். அது ஒரு தகவலும் சொல்கிறது: நடுவில் புரோக்கர் இல்லை. கமிஷனுக்குப் பயந்து தயங்குகிறவர்கள் அந்தச் சொல்லைப் பார்த்துத்தான் போன் எடுப்பார்கள்.

அடுத்தது "விற்பனைக்கு உள்ளது". வரி விளம்பரங்கள் தலைப்பு வாரியாகப் பிரித்து அச்சாகும். உங்களுடையது "வீடு விற்பனைக்கு" என்ற தலைப்பின் கீழே வரப்போகிறது என்றால், அதையே உள்ளேயும் எழுதுவது வீண். ஆனால் புக்கிங் செய்யும்போது தலைப்பு என்ன என்று கேட்டுக்கொள்ளுங்கள். சில பதிப்புகளில் "ரியல் எஸ்டேட்" என்று ஒரே தலைப்பில் விற்பனை, வாடகை, ஒத்தி எல்லாம் கலந்து வரும். அப்படியானால் "விற்பனைக்கு" என்ற சொல் கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் ஒத்திக்கு வீடு தேடுகிறவர்களும் உங்களைக் கூப்பிடுவார்கள்.

"திருச்சி" என்பதும் அதே மாதிரிதான். திருச்சிப் பதிப்பில் மட்டும் வருகிறது என்றால் ஊர்ப் பெயர் தேவையில்லை, பகுதியின் பெயர் போதும். சென்னை, மதுரைப் பதிப்புகளிலும் சேர்த்துப் போடுகிறீர்கள் என்றால் அதை எடுக்கவே கூடாது. கே.கே.நகர் என்ற பெயரில் சென்னையிலும் மதுரையிலும் பகுதிகள் இருக்கின்றன. ஒரு சொல்லை மிச்சப்படுத்திவிட்டு நாள் முழுக்க "இது எந்த கே.கே.நகர் சார்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

அமைதியான சூழல், அழகிய, நல்ல விலை, பஸ் ஸ்டாண்டுக்கு மிக அருகில், உடனடியாக: இவை எல்லாவற்றையும் எடுத்துவிடலாம். வாங்க வருகிறவர் அழகை நேரில் பார்த்து முடிவு செய்வார். "நல்ல விலை" என்று எழுதுவதற்குப் பதில் விலையையே எழுதுங்கள். விலை போடத் தயங்குகிறவர்கள் நிறையப் பேர், ஏனென்றால் போட்டால் பேரம் பேச இடமில்லாமல் போகும் என்று நினைக்கிறார்கள். நான் பார்த்த வரையில் விலை இல்லாத விளம்பரத்துக்கு போன் நிறைய வரும், ஆனால் அதில் முக்கால்வாசி விலையை மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுகிற போன். 65 லட்சம் என்று போட்டுவிட்டால், அந்தப் பணத்தைப் புரட்ட முடிகிறவர்கள் மட்டும் கூப்பிடுவார்கள். பேரம் அப்போதும் நடக்கும்.

இவ்வளவும் எடுத்த பிறகு மிஞ்சுவது இதுதான்:

"கே.கே.நகர், கிழக்கு பார்த்த தனிவீடு. மனை 1200, கட்டடம் 850 சதுரடி. 2 படுக்கையறை, போர்வெல், காவிரிநீர். 65 லட்சம். உரிமையாளர்: 0000000000"

17 சொல். பஸ் ஸ்டாண்டைத் தவிர வேறு தகவல் ஏதும் குறையவில்லை. கார்ப்பரேஷன் தண்ணீரைத்தான் காவிரிநீர் என்று எழுதியிருக்கிறேன். விலையும் உரிமையாளர் என்பதும் புதிதாகச் சேர்ந்திருக்கின்றன. இதில் சில இடங்களைக் கவனியுங்கள். "சதுர அடி" என்றால் இரண்டு சொல், "சதுரடி" ஒரு சொல். அதையும் இரண்டு முறை எழுதாமல் ஒரே முறை. "கே.கே. நகர்" என்று புள்ளிக்குப் பிறகு இடைவெளி விட்டால் இரண்டு சொல், சேர்த்து எழுதினால் ஒன்று. "தனிவீடு", "காவிரிநீர்" இரண்டும் சேர்த்து எழுதுவதற்கு இயல்பாக இடம் கொடுக்கிற சொற்கள். தமிழில் இந்த வசதி உண்டு. வேற்றுமை உருபு எல்லாம் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும், "நகரில்" என்பது ஒரே சொல்லாகத்தான் எண்ணப்படும்.

இந்த வசதியை அளவுக்கு மீறி இழுக்காதீர்கள். ஆன்லைனில் புக்கிங் செய்யும்போது இடைவெளியை வைத்துத்தான் சொல் எண்ணப்படும். அதைப் பார்த்துவிட்டுச் சிலர் காற்புள்ளிக்குப் பிறகு இடைவெளியே விடாமல் "தனிவீடு,மனை1200,கட்டடம்850" என்று ஒரே கொத்தாகத் தட்டிவிடுவார்கள். கவுண்டரில் இருக்கிறவர் அதைப் பிரித்து எண்ணிக் கூடுதல் காசு கேட்பார். அப்படியே விட்டுவிட்டால் இன்னும் மோசம். வரி விளம்பரத்தின் பத்தி மிகக் குறுகலானது. இரு ஓரமும் சமமாக வருகிற மாதிரி வரியை இழுத்து நிரப்புவார்கள். உடைக்க இடமில்லாத நீளமான கொத்து ஒன்று வந்தால், அதற்கு முந்தைய வரியில் இரண்டு சொல்லுக்கு நடுவே பெரிய ஓட்டை விழும். அல்லது கொத்து கண்ட இடத்தில் உடையும், "1200" என்பது 12 ஒரு வரியிலும் 00 அடுத்த வரியிலுமாக நிற்கும்.

சொல் கணக்குப் பத்திரிகையில் 20 வரை ஒரே கட்டணம் என்கிறீர்கள். அப்படியென்றால் 17-ஐ 14 ஆக்குவதால் ஒரு ரூபாய்கூடக் குறையாது. மீதி மூன்று சொல்லைச் சும்மா விடாமல், போனில் முதலில் வரும் கேள்விக்குப் பதிலாக வையுங்கள். தனிவீடு வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது வீட்டுக்கு முன்னால் ரோடு எத்தனை அடி, அப்புறம் மனை அப்ரூவ்ட் தானா. பாங்க் கடன் வாங்கப் போகிறவருக்கு அந்த இரண்டாவது கேள்வி உயிர் மாதிரி. உங்கள் பத்திரத்தையும் வரைபடத்தையும் பார்த்துக்கொண்டு, உண்மையாக இருந்தால் மட்டும் இப்படிச் சேர்க்கலாம்:

"கே.கே.நகர், கிழக்கு பார்த்த தனிவீடு, அப்ரூவ்ட். மனை 1200, கட்டடம் 850 சதுரடி. 30அடி ரோடு. 2 படுக்கையறை, போர்வெல், காவிரிநீர். 65 லட்சம். உரிமையாளர்: 0000000000"

சரியாக 20. ரோட்டின் அகலம் நான் சும்மா போட்டது, உங்கள் அளவை எழுதிக்கொள்ளுங்கள். "30அடி" என்பதை இரண்டாக எண்ணினால் ஒரு சொல் அதிகமாகும். அப்போது "கட்டடம்" என்ற சொல்லில் கை வைக்காதீர்கள், "அப்ரூவ்ட்" அல்லது ரோடு இரண்டில் ஒன்றை விடுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இனி வரிக் கணக்கு. இங்கே ஒரு சொல் அதிகமானாலும் பரவாயில்லை, எழுத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்பதுதான் விஷயம். தமிழில் எழுத்தை எண்ணினால் ஏமாந்துபோவோம். "கி" ஒரு எழுத்து, "கொ" ஒரு எழுத்து. ஆனால் அச்சில் "கி" ஒரு இடம், "கொ" மூன்று இடம்: கொம்பு, க, கால். நாங்கள் கவுண்டரில் கணக்குப் போட்டது இப்படித்தான். முன்னால் வரும் கொம்பு ஒரு இடம், பின்னால் வரும் கால் ஒரு இடம். புள்ளியும், இகர உகர வளைவுகளும் எழுத்தோடு ஒட்டியிருப்பதால் அவற்றுக்குத் தனி இடமில்லை. ஆகவே க், கி, கு ஒன்று. கா, கெ, கே, கை இரண்டு. கொ, கோ, கௌ மூன்று. இடைவெளிக்கும் நிறுத்தற்குறிக்கும் இலக்கத்துக்கும் ஒவ்வொன்று. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால் "னை", "லை" எல்லாம் தலையில் தும்பிக்கை சுருண்ட மாதிரி ஒட்டிய வடிவத்தில் இருந்தன. இப்போது கொம்பு தனியாக நிற்பதால் அதற்கும் ஒரு இடம் போகிறது.

அந்தப் பத்திரிகையின் போன ஞாயிற்றுக்கிழமைத் தாளை எடுங்கள். வீட்டு விளம்பரப் பகுதியில் முழுதாக நிரம்பிய ஐந்து வரிகளை இந்த முறையில் எண்ணுங்கள். அவற்றில் குறைவான எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 22 வந்தது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கணக்கில் நீங்கள் முதலில் எழுதியது 254 இடம், சொல்லை உடைக்காமல் அடுக்கினால் 13 வரி. நான் மேலே சுருக்கிய 17 சொல் வாசகம் இப்படி விழும்:

கே.கே.நகர், கிழக்கு பார்த்த
தனிவீடு. மனை 1200, கட்டடம்
850 சதுரடி. 2 படுக்கையறை,
போர்வெல், காவிரிநீர். 65
லட்சம். உரிமையாளர்:
0000000000

ஆறு வரி. ஆறாவது வரியில் செல் எண் மட்டும் தனியாக நிற்கிறது. ஐந்தாவது வரியில் ஏழு இடம் காலி, ஆனால் பத்து இலக்கம் அதில் ஏறாது, எண்ணை உடைக்கவும் கூடாது. அந்த ஒரு எண்ணுக்காக நீங்கள் ஒரு முழு வரிக்குக் காசு கொடுக்கிறீர்கள். போதாததற்கு "65" ஒரு வரியிலும் "லட்சம்" அடுத்த வரியிலும் பிரிந்துவிட்டன.

இப்போது மூன்று சொற்களை மட்டும் மாற்றுகிறேன். கட்டடம் ஐந்து இடம், "வீடு" இரண்டே இடம். படுக்கையறை எட்டு இடம், "பெட்ரூம்" ஐந்து. போர்வெல் ஏழு, "போர்" நான்கு. பேச்சில் நாம் போர் என்றுதானே சொல்கிறோம்.

கே.கே.நகர், கிழக்கு பார்த்த
தனிவீடு. மனை 1200, வீடு 850
சதுரடி. 2 பெட்ரூம், போர்,
காவிரிநீர். 65 லட்சம்.
உரிமையாளர்: 0000000000

அதே 17 சொல்தான், ஆனால் ஐந்து வரியில் முடிந்துவிட்டது. சொல் கணக்குப் பத்திரிகையில் இந்த மாற்றத்தால் ஒரு பைசா மிச்சமில்லை, இங்கே ஒரு வரி மிச்சம். விலை உடையவில்லை. "உரிமையாளர்" என்பதும் செல் எண்ணும் கடைசி வரியில் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதால் கண் நேராக அங்கே போகிறது. இரண்டாவது வரி 22 இடமும் நிரம்பி இறுக்கமாக இருக்கிறதே என்று கேட்கலாம். ண, ழ போன்ற எழுத்துகள் கொஞ்சம் அகலமானவை, அதனால் இந்த எண்ணிக்கை அச்சில் ஒன்றிரண்டு இடம் தள்ளிப்போவது உண்டு. அப்படி 850 கீழே இறங்கினாலும் "போர்" நான்காவது வரிக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும், வரி கூடாது. எழுதி முடித்த பிறகு இந்த மாதிரி ஒரு எண்ணைக் கீழே தள்ளிப் பார்த்துவிடுவது நல்லது.

சுருக்கக் குறிகளை நம்புகிறவர்களுக்கு ஒரு விஷயம். "ச.அடி" என்று எழுதினால் மிச்சம் என்று நினைப்பார்கள். எண்ணிப் பாருங்கள், ச.அடி நான்கு இடம், சதுரடி என்பதும் நான்கு இடம். புள்ளியும் இடம் பிடிக்கிறதே. மிச்சமில்லாமல் தெளிவு மட்டும் போகிறது. "கி.பா.வீடு" என்று எழுதுவதையும் நான் விரும்புவதில்லை. பழக்கப்பட்ட புரோக்கருக்குப் புரியும், முதல் தடவை வீடு வாங்க வருகிற குடும்பத்துக்குப் புரியாது. உங்கள் விளம்பரத்தை அவர்கள்தானே படிக்க வேண்டும். "தெ" என்றால் தெற்கா, தெருவா என்று யோசிக்க வைக்கிற எந்தச் சுருக்கமும் வேண்டாம்.

மேலே "கட்டடம்" என்ற சொல்லில் கை வைக்காதீர்கள் என்றேன் அல்லவா? வீட்டு விளம்பரத்தில் நான் அடிக்கடி பார்த்த குழப்பம் அதில்தான். இடத்தை மிச்சப்படுத்த "1200 சதுரடி தனிவீடு" என்று மட்டும் போட்டுவிடுவார்கள். படிக்கிறவருக்கு அது மனையின் அளவா, கட்டடத்தின் அளவா என்று தெரியாது. பெரும்பாலும் தனக்குச் சாதகமாக, கட்டடமே 1200 என்று எடுத்துக்கொண்டு வருவார். வந்து பார்த்துவிட்டு, ஏமாற்றிவிட்டீர்கள் என்ற முகத்தோடு திரும்பிப் போவார். மனை, கட்டடம் என்று இரண்டு எண்ணுக்கும் பெயர் இருக்க வேண்டும். வரிக் கணக்கில் "வீடு 850" என்று நான் எழுத முடிந்ததும் முன்னால் "மனை 1200" இருப்பதால்தான்.

இன்னொன்று, இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள். "850. 2 பெட்ரூம்" என்று எழுதி, அச்சில் அந்த இடைவெளி இறுகிவிட்டால் 850.2 என்று ஆகிவிடும். "65 லட்சம்" என்பதில் லட்சத்தை விட்டுவிட்டு உடனே செல் எண்ணைப் போட்டாலும் இதே கதைதான். நடுவில் ஒரு தமிழ்ச் சொல் நின்றால் இந்த ஆபத்து இல்லை.

தடித்த எழுத்து, கட்டம், பின்னணி நிறம், டிக் அடையாளம் எல்லாம் தனிக் கட்டணம். வரிக் கணக்கில் தடித்த எழுத்துக்கு இன்னொரு செலவும் உண்டு: எழுத்து அகலமாகி, வரிக்கு 22 பிடித்த இடத்தில் இருபதுகூடப் பிடிக்காமல் போகலாம். முழு விளம்பரத்தையும் தடிப்பாகக் கேட்டால் நாம் கஷ்டப்பட்டுக் குறைத்த அந்த வரி திரும்ப வந்துவிடும். பல தாள்களில் முதல் ஒன்றிரண்டு சொல்லை அவர்களே தடிப்பாக அடிப்பார்கள். அதனால்தான் முதல் சொல் பகுதியின் பெயராக இருக்க வேண்டும் என்கிறேன். கே.கே.நகரில் வீடு தேடுகிறவர் அந்தப் பெயரைத்தான் தேடிக்கொண்டு விரலை ஓட்டுவார். "அமைதியான" என்று தொடங்கும் விளம்பரத்தில் அவர் விரல் நிற்காது. கையில் இன்னும் கொஞ்சம் பணம் இருந்தால் அலங்காரத்துக்குப் போடாமல் அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் ஒரு முறை போடுங்கள். பில்லில் 5 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்ந்து வரும், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, புரூஃப். என் சொந்த அனுபவம் ஒன்று. என் தங்கை வீட்டை வாடகைக்கு விட ஊரில் ஒரு ஏஜென்சியில் கையால் எழுதிக் கொடுத்தேன். என் 1 அவர்கள் கண்ணுக்கு 7 ஆகத் தெரிந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க எங்களுக்கு ஒரு போனும் வரவில்லை, யாரோ முன்பின் தெரியாதவர் நாள் முழுக்க அவதிப்பட்டிருக்கிறார். அந்தத் தொழிலிலேயே இருந்த எனக்கே இப்படி நடந்தது. அதிலிருந்து நான் எண்ணை இலக்கத்திலும், சீட்டின் ஓரத்தில் "ஒன்பது, எட்டு" என்று எழுத்திலும் எழுதிக் கொடுப்பேன். ஓரத்தில் எழுதுவதற்குக் காசு கிடையாது.

அச்சுக்குப் போகும் வடிவத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். அது வந்ததும் அந்தப் படத்தில் இருக்கும் எண்ணைப் பார்த்துப் பார்த்து இன்னொரு போனிலிருந்து டயல் செய்யுங்கள். உங்கள் போன் அடித்தால் எண் சரி. வரிகளை எண்ணுங்கள், பில்லில் ஐந்து என்று போட்டிருக்கிறார்களா என்று ஒத்துப் பாருங்கள். எந்தத் தலைப்பின் கீழே, எந்தப் பதிப்பில் என்பதும் அந்தச் சீட்டிலேயே எழுதியிருக்க வேண்டும். வீட்டு விளம்பரம் தவறிப்போய் "மனை விற்பனைக்கு" என்பதன் கீழே போய்விட்டால் வாசகம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வீடு தேடுகிறவர் கண்ணில் படாது. இரண்டு வாரத்துக்குச் சேர்த்துக் கொடுத்திருந்தால், முதல் நாள் தாள் வந்த காலையிலேயே பார்த்து, பிழை இருந்தால் அன்றைக்கே சொல்லுங்கள். பெரும்பாலும் முதல் முறை வந்த பிழைக்குத்தான் மறுபடி இலவசமாகப் போடுவார்கள். சொல்லாமல் விட்ட பிழை இரண்டாவது வாரமும் வந்தால் அதற்கு ஈடு கேட்பது கஷ்டம்.